அன்ரியின் வருத்தத்தைக் கேட்காத யோகா வகுப்பு வேண்டாம்

கோடை வந்துவிட்டால் ஸ்காபரோவில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஒரு மரத்தடியில் நம் ஆட்கள் பாய் விரித்திருப்பார்கள். சேலைக்கு மேல் சுவெட்டர் போட்ட அம்மம்மாக்கள், வேலைக்குப் போட்ட சப்பாத்தோடு வந்த அங்கிள்மார், முன்னால் இருபத்திரண்டு வயசுப் பிள்ளை ஒருத்தி. கையில் சின்ன ஸ்பீக்கர். "இலவச யோகா, எல்லோரும் வரலாம்" என்று வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியைப் பார்த்து வந்தவர்கள்.

நானும் இப்படி ஒரு வகுப்பு நடத்துகிறவள்தான். ஆரம்பநிலைக்காரருக்கு மட்டும், மூன்று கோடையாக. அந்த உரிமையோடு சொல்கிறேன்: "இலவசம், எல்லோரும் வரலாம்" என்ற அந்த மூன்று சொற்கள்தான் இந்த வகுப்புகளின் பெரிய ஆபத்து. காசு வாங்குங்கள். கதவை மூடுங்கள். வந்தவர் ஒவ்வொருவரிடமும் என்ன வருத்தம், என்ன குளிசை என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் வகுப்பு நடத்தாதீர்கள்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏச்சு வருகிறது. அங்கிள் ஒருவர், "பிள்ளை, யோகா எங்கட சொத்து. அதுக்குக் காசு வாங்கலாமே?" என்றார். அன்ரி ஒருவர், "எனக்கு என்ன வருத்தம் எண்டு உனக்கு ஏன்? நீ டொக்டரே?" என்றார். இரண்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அன்ரியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் காசுக் கதைக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

சூரிய வணக்கத்தை எண்ணிப் பாருங்கள்

பூங்கா வகுப்புகளில் முதல் நாளே நடப்பது சூரிய வணக்கம். எல்லோருக்கும் பெயர் தெரியும், ஒரே தாளத்தில் செய்யலாம், படத்தில் வடிவாக இருக்கும். பன்னிரண்டு நிலைகள் உள்ள வழக்கமான முறையில் மூன்றாவது நிலையிலும் பத்தாவது நிலையிலும் குனிந்து கையைத் தரையில் வைக்கிறோம். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை இப்படிக் குனிகிறோம். பன்னிரண்டு சுற்று செய்தால் இருபத்திநான்கு தடவை. இருபது வயசில் எனக்கும் உங்களுக்கும் அது உடம்பைச் சூடாக்கும் வேலை, அவ்வளவுதான்.

இனி அறுபத்தேழு வயது அன்ரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் இல்லை, நம் வீடுகளில் இருக்கிற வழக்கமான அன்ரி. இரத்த அழுத்தத்துக்கு ஒரு குளிசை, சீனி வருத்தத்துக்கு இரண்டு குளிசை, எலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று குடும்ப வைத்தியர் சொல்லியிருக்கிறார். அவர் இந்த மூன்றையும் வருத்தமாகவே நினைப்பதில்லை. "எனக்கு ஒண்டும் இல்லை, வயசுக்கு வாறதுகள்தான்" என்பார்.

முதலில் இரத்த அழுத்தம். நாம் எழும்பி நிற்கும்போது இரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே இரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து, மூளைக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயது கூடும்போது இந்தத் திருத்தம் மெதுவாகிறது; இரத்த அழுத்தக் குளிசைகள் சில அதை இன்னும் மெதுவாக்குகின்றன. எழும்பி மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் வைத்தியர்கள் அதைத் தனிப் பிரச்சினையாகவே கணக்கெடுக்கிறார்கள். குனிந்து சடாரென்று நிமிர்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அன்ரிக்குக் கண் இருட்டும், கால் தள்ளாடும். நீங்கள் "மூச்சை இழுத்து மேலே" என்று அடுத்த சுற்றைத் தொடங்கியிருப்பீர்கள்.

இரண்டாவது சீனி. இங்கே குளிசையின் பெயர் முக்கியம். மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு உடற்பயிற்சியால் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. ஆனால் இன்சுலின் போடுபவருக்கும், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும் அது இறங்கலாம். யோகாவை வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அன்ரி காலையில் குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல், பூங்காவுக்கு இருபது நிமிடம் நடந்து வருகிறார். வகுப்பின் நடுவில் வேர்க்கிறது, கை நடுங்குகிறது, சொன்னதற்கு மாறிச் செய்கிறார். களைப்பு என்று நினைத்து நீங்கள் அவரைச் சவாசனத்தில் படுக்கப் போடுகிறீர்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை சீனி. மற்றவர்கள் கண்ணை மூடி அமைதியாகக் கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் மோசமாகிக்கொண்டிருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது எலும்பு. எலும்பு தேய்ந்த முதுகு முறிய விழ வேண்டியதில்லை. முதுகை வளைத்து முன்னால் குனியும்போது முள்ளந்தண்டு எலும்புகளின் முன்பக்கம் நசுங்குகிறது. தேய்ந்த எலும்பு அப்படியே ஆப்பு வடிவில் அமுங்கிப் போகலாம். சிலருக்கு அந்த நேரம் பெரிய நோவு கூட வராது. பிறகு முதுகு கூனத் தொடங்கும், உயரம் குறையும். "நல்லா நீட்டுங்கோ அன்ரி, இன்னும் கொஞ்சம், விரல் தொட்டிட்டுது" என்று நாம் கை தட்டுகிற அந்த அசைவு அதுதான்.

இந்த மூன்றில் ஒன்றாவது பார்த்துத் தெரியுமா? தெரியாது. கேட்டால் மட்டும்தான் தெரியும். அன்ரிக்கு என் பதில் இதுதான்: நான் டொக்டர் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். டொக்டருக்கு உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு இருக்கிறது. எனக்கு உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது.

என்ன கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது

இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். உடற்பயிற்சி தொடங்குபவரிடம் கேட்கும் ஏழு கேள்விப் படிவம் 1970களிலேயே இந்த நாட்டில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவானது. பார்-கியூ என்று ஜிம்முக்குப் போன எல்லோருக்கும் தெரியும். இதயம், இரத்த அழுத்தம், நெஞ்சு நோ, தலைச்சுற்று, தொடர்ந்து எடுக்கும் மருந்து, எலும்பு மூட்டுப் பிரச்சினை என்று கேட்கும். பிரச்சினை என்னவென்றால், நாம் அதை ஆங்கிலத்தில் அச்செடுத்து, அன்ரியின் கையில் பேனாவைக் கொடுத்து, "கீழே சைன் பண்ணுங்கோ" என்கிறோம். அவர் ஏழு இடத்திலும் "இல்லை" என்று கோடு போட்டுத் தருகிறார்.

வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய வாரம் ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தமிழில் தனியாகக் கதையுங்கள். தொலைபேசியில் கதைத்தாலும் சரி. "ஏதும் வருத்தம் இருக்கா" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்றுதான் வரும். "காலமை என்ன குளிசை போடுவீங்கள், பெட்டியை எடுத்து வாசியுங்கோ" என்று கேளுங்கள். "கடைசியா எப்ப விழுந்தனீங்கள்" என்று கேளுங்கள். "கண்ணுக்குத் துளி மருந்து விடுறனீங்களா" என்று கேளுங்கள், ஏனென்றால் கண் அழுத்த நோய் உள்ளவர் தலையைக் கீழே வைத்தால் அந்த அழுத்தம் இன்னும் கூடும். பதிலை எழுதி நீங்கள் மட்டும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. யாருக்குச் சீனி, யாருக்கு இதயம் என்று ஊர் முழுக்கக் கதைத்தால் அடுத்த வருடம் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

நெஞ்சு நோ, காரணம் தெரியாத மயக்கம், அண்மையில் சத்திரசிகிச்சை என்று யாராவது சொன்னால், முதலில் குடும்ப வைத்தியரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்காகக் கோபித்தாலும் பரவாயில்லை. மற்றவர்களுக்கு வகுப்பை மாற்றி அமையுங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

சூரிய வணக்கம் இல்லை. சிரசாசனம், சர்வாங்காசனம் பேச்சுக்கே இல்லை. தரையோடு பூட்டிய பூங்கா வாங்கு பக்கத்தில்தான் வகுப்பு. மடக்கு நாற்காலி வேண்டாம். புல்லில் ஒரு கால் மட்டும் புதைந்து சாயும். குனிவதற்குப் பதில், வாங்கின் முதுகுப் பலகையைப் பிடித்து, முதுகை நேராக வைத்து இடுப்பை மட்டும் பின்னால் தள்ளுவோம். தலை இதயத்துக்குக் கீழே போகாது, முதுகு வளையாது, தொடையின் பின்பக்கம் அதே அளவு இழுபடும். வாங்கில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது முக்கியமான பயிற்சி. முப்பது வினாடியில் எத்தனை தடவை என்று முதல் வாரமும் பத்தாவது வாரமும் எண்ணுவேன். விழும் ஆபத்தைக் கணிக்க அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பாவிக்கும் அளவு இது. 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்குப் பதினொன்றுக்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழ். விரல் தரையைத் தொடுவதைவிட இந்த எண் அன்ரியின் வாழ்க்கைக்கு உதவும். குளியலறையில் அவர் தானாக எழும்ப வேண்டும்.

புல் நனைந்திருந்தால் பாய் விரிக்க மாட்டோம், சப்பாத்தோடு நடைபாதையில் நின்று செய்வோம். இடி கேட்டால் நிறுத்தி, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருப்போம். மரத்தடியில் ஒதுங்க மாட்டோம். செய்யும்போது ஒரு வசனம் முழுதாகக் கதைக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது கூடிப்போச்சு. என் பையில் எப்போதும் ஒரு சின்ன ஜூஸ் பெட்டி இருக்கும். சீனி இறங்கிய அறிகுறி தெரிந்து, ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சுமார் 150 மில்லிலீட்டர் ஜூஸ், அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டி சீனி. பதினைந்து நிமிடம் இருத்தி வைத்து, அவரிடம் மானி இருந்தால் பார்த்து, 4.0க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. ஆள் மயங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 911.

இவ்வளவையும் பன்னிரண்டு பேருக்குச் செய்யலாம், அதுவும் ஒரு உதவியாளர் பின்னால் நின்றால். முப்பது பேருக்கு முடியாது. "எல்லோரும் வரலாம்" என்று சொன்ன நிமிடத்தில் நீங்கள் இதையெல்லாம் கைவிட்டுவிட்டீர்கள்.

இனி காசு

அங்கிளின் கேள்விக்கு வருகிறேன். யோகா நம் சொத்தாகவே இருக்கட்டும். அங்கிள் கேட்பது ஆசனத்துக்கான விலையை. நான் வாங்குவது ஆசனத்துக்கான விலை இல்லை. அந்தப் பத்து நிமிடத் தொலைபேசிக்கு, பின்னால் நிற்கும் உதவியாளருக்கு, முதலுதவிப் பயிற்சிக்கு, காப்புறுதிக்கு.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் இடத்து விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வகுப்பு, பத்து வாரம், பன்னிரண்டு இடம். காப்புறுதி வருடத்துக்கு 240 டொலர், வருடத்தில் இரண்டு பருவம் நடத்தினால் ஒன்றுக்கு 120. பூங்கா அனுமதிக்கு 200 ஒதுக்குவோம். முதலுதவிச் சான்றிதழ் 150, மூன்று வருடம் செல்லும், ஆறு பருவத்துக்குப் பிரித்தால் 25. ஜூஸ், படிவம், சில்லறை 35. மொத்தம் 380. ஆசிரியருக்கு வகுப்புக்கு 40, உதவியாளருக்கு 15, பத்து வகுப்புக்கு 550. எல்லாம் சேர்த்து 930 டொலர்.

பன்னிரண்டு இடத்தில் இரண்டைக் காசில்லாதவருக்கு வைத்தால் பத்துப் பேர் கட்ட வேண்டும். ஆளுக்கு 93. நூறு என்று வைத்தால், மீதி எழுபது டொலர் மழையால் நின்ற வகுப்புக்குத் திருப்பிக் கொடுக்க. வகுப்புக்குப் பத்து டொலர். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். நம் ஆட்களுக்குக் காசு கொடுக்க மனமில்லை என்று சொல்வது பொய். எதற்கு என்று தெரியாமல் கொடுக்கத்தான் மனமில்லை. இலவச இடம் யாருக்கு என்பது உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

பருவத்துக்கு முன்பணம் வாங்குவதில் இன்னொரு நன்மை, யார் வருவார் என்று தெரியும். இலவச வகுப்பில் ஒவ்வொரு சனியும் புது முகங்கள். மச்சாளைக் கூட்டி வருவார்கள், கனடா பார்க்க வந்த தம்பியைக் கூட்டி வருவார்கள். அவர்களின் குளிசைப் பெட்டியை யார் வாசித்தது?

காசு வாங்கினால் ஒரு கடமை வரும், அதை மறைக்க மாட்டேன். ரொறன்ரோவில் அனுமதி இல்லாமல் பூங்காவில் வியாபாரமாக எதையும் நடத்தக் கூடாது என்பது நகரத்தின் சட்டம். காசு வாங்காவிட்டாலும் இருபத்தைந்து பேருக்கு மேல் கூடி ஒழுங்காக நடத்தும் நிகழ்வுக்கு அனுமதி வேண்டும். இதைத் தாண்டத்தான் பலர் "நன்கொடை" என்று ஒரு டப்பாவை வைக்கிறார்கள். டப்பாவின் பெயர் மாறினால் வேலை மாறாது. அனுமதி கேளுங்கள். மாடிக் குடியிருப்பின் புல்தரையிலோ மொட்டைமாடியிலோ நடத்துவதென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் காப்புறுதிச் சான்றைக் கேட்பார்கள், கேட்பதும் சரி.

காப்புறுதி எடுக்கும்போது இரண்டு பகுதியும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பையில் தடக்கி ஒருவர் விழுந்தால் அது பொதுப் பொறுப்பு. நீங்கள் சொல்லிக்கொடுத்த அசைவால் முதுகு போனது என்று ஒருவர் சொன்னால் அது தொழில்சார் பொறுப்பு. ஒன்று மட்டும் வைத்திருந்தால் மற்றது உங்கள் தலையில். வெளியிடத்தில் நடத்துவதையும் அது மூடுகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"நாங்கள்தான் சைன் வாங்கிறோமே, பிறகென்ன" என்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். வாசிக்காமல் அவசரமாகக் கையெழுத்திட்ட வாடகைக் கார் படிவம் ஒன்று 1978இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. கையெழுத்திட்டவர் வாசிக்கவில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது, கடுமையான நிபந்தனையை யாரும் அவருக்குச் சுட்டிக்காட்டவும் இல்லை. அந்த நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. இனி, அன்ரிக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் நீங்கள் வாங்கிய கையெழுத்தை நினைத்துப் பாருங்கள். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பிறகு வாங்கும் கையெழுத்துக்குத்தான் ஏதாவது பெறுமதி இருக்கும்.

"ஊரில நாங்கள் படிவமே நிரப்பினனாங்கள்?"

இது மூன்றாவது ஏச்சு. ஊரில் படிவம் இல்லை, உண்மை. ஆனால் ஊரில் சொல்லிக்கொடுத்தவருக்கு உங்கள் குடும்பத்தையே தெரியும். யாருக்கு என்ன வருத்தம், யார் போன மாதம் விழுந்தது என்று கேட்காமலே தெரியும். இங்கே பூங்காவில் பாய் விரிக்கும் பெண்ணுக்கு அன்ரியின் முழுப்பெயர்கூடத் தெரியாது. ஊர் செய்த அந்த வேலையைத்தான் இங்கே படிவம் செய்கிறது.

அதோடு, ஒன்ராறியோவில் பிசியோதெரப்பி செய்யப் பதிவு வேண்டும். யோகா ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். இருநூறு மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் என்பது சங்கங்கள் வைத்த அளவு, அரசாங்கம் வைத்த சட்டம் இல்லை. வார இறுதியில் காணொளி பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். யாரும் தடுக்காத இடத்தில் நம்மை நாமே தடுக்க வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் வகுப்பு நடத்தப் போவதில்லை. ஆனால் உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ ஏதோ ஒரு மரத்தடிக்குப் போய்க்கொண்டிருப்பார். அடுத்த சனிக்கிழமை நீங்களே அவரைக் காரில் இறக்கிவிடும்போது இரண்டு நிமிடம் நின்று சொல்லிக்கொடுப்பவரிடம் கேளுங்கள்: இவர் என்ன குளிசை எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? விழுந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பின்னால் நிற்பவர் யார்? பதில் இருந்தால் நூறு டொலரைச் சந்தோசமாகக் கட்டுங்கள். "இது சேவை தம்பி, இலவசம்தானே" என்று மட்டும் பதில் வந்தால், அம்மாவை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு, அந்த ஒரு மணி நேரம் அவரோடு பூங்காவைச் சுற்றி நடவுங்கள்.